உள் தபால் தவறிய இடம்

எங்கள் அலுவலகத்துக்குள்ளேயே கணக்குத் துறைக்கு அனுப்பிய பார்சல் மூன்று முறை திரும்பி வந்தது. பெயர், துறை, 4ஆம் தளம், மேசை 112 எல்லாமே சரி. எழுத்தைப் பெரிதாக்கினேன், தொலைபேசி எண்ணும் சேர்த்தேன், பலனில்லை.

தபால் அறையில் பார்சல் பிரிக்கும்போது கூடவே நின்று பார்த்தேன். முதலில் பிளாக், பிறகு தளம், கடைசியில்தான் மேசை. ஏ, பி இரண்டு பிளாக்கிலும் 4ஆம் தளத்தில் 112 இருக்கிறது! பிளாக் எழுதாததெல்லாம் ஏ தட்டுக்கே போகும். துறையின் பெயர் உதவாது, அது இரு பிளாக்கிலும் உட்கார்ந்திருக்கிறது.

இப்போது முதல் வரியில் ‘பி – 4 – 112’, அடுத்த வரியில் பெயர், அதன்கீழ் ‘கணக்கு, பில்லிங் பிரிவு’. பழைய பெட்டியானால் முந்தைய லேபிளைக் கிழித்துவிடுகிறேன். மறுநாளே சேர்ந்தது, அப்பாடா.

ஆள் இடம் மாறினால் மேசை எண் பொய்யாகும், அனுப்புமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.