ஒரு மைல் நடைச் சோதனையில் ஏரோபிக் திறனைக் கணக்கிடுவோர் செய்யும் தவறுகள்

உடல் கடுமையாக உழைக்கும்போது ஒரு நிமிடத்தில் அதிகபட்சமாக எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பதே ஏரோபிக் திறன். உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் என்று இதைச் சொல்வார்கள். ஆய்வுக்கூடத்தில் இதை அளக்க வேண்டுமானால் முகமூடி அணிந்து, ட்ரெட்மில்லில் களைத்து விழும் எல்லை வரை ஓடியாக வேண்டும். அது எல்லோருக்கும் இயலாது என்பதால், அமெரிக்காவில் கிளைன் என்பவரும் சக ஆய்வாளர்களும் 30 முதல் 69 வயது வரையுள்ள ஆண் பெண்களை ஒரு மைல் வேகமாக நடக்க வைத்து, அதிலிருந்து இத்திறனை மதிப்பிடும் சமன்பாடு ஒன்றை 1987இல் வெளியிட்டார்கள். ராக்போர்ட் நடைச் சோதனை என்று இன்று வழங்குவது அதுவே. அச்சமன்பாடு இது:

```
VO2max = 132.853 - 0.0769*W - 0.3877*A + 6.315*S - 3.2649*T - 0.1565*H
```

இதில் VO2max என்பது ஏரோபிக் திறன், W பவுண்டில் எடை, A வயது, T நிமிடத்தில் நடை நேரம், H நடையின் முடிவில் உள்ள இதயத் துடிப்பு. S ஆணுக்கு 1, பெண்ணுக்கு 0. 45 வயதும் 64 கிலோ எடையும் உள்ள ஒரு பெண் ஒரு மைலை 16 நிமிடம் 24 விநாடியில் நடந்து முடிக்கிறார், அப்போது அவர் துடிப்பு 144 என்று வைத்துக்கொள்வோம். எடை 141.1 பவுண்டு, நேரம் 16.4 நிமிடம். 132.853இலிருந்து எடைக்காக 10.85, வயதுக்காக 17.45, நேரத்துக்காக 53.54, துடிப்புக்காக 22.54 ஆகியவற்றைக் கழித்தால் ஏறத்தாழ 28.5 வருகிறது. தவறுகள் ஒவ்வொன்றும் இந்த 28.5ஐ எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் நகர்த்துகின்றன என்று பார்த்தால், எதற்குக் கவலைப்பட வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது தானாகவே விளங்கும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு கணக்கில் நிகழ்வதில்லை, காலில் நிகழ்கிறது. "ஒரு மைல் நடை" என்றதும் பலரும் வழக்கமான காலை நடையை நடந்துவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்கிறார்கள். இச்சோதனையோ இயன்ற அளவு வேகமாக, ஆனால் கடைசிவரை ஒரே சீராக நடப்பவருக்கென்று உருவானது. மெதுவாக நடந்தால் துடிப்பும் குறையும், ஆகவே சமன்பாடு அதைச் சரிக்கட்டிவிடும் என்று வாதிடுவோர் உண்டு. குணகங்களை வகுத்துப் பார்த்தால் அந்த வாதம் நிற்காது. நடை நேரம் ஒரு நிமிடம் கூடினால் விடை 3.26 குறையும், அதை ஈடுகட்டத் துடிப்பு 21 அளவுக்கு இறங்க வேண்டும். மேலே சொன்ன பெண் பேசிக்கொண்டே 20 நிமிடத்தில் நடந்து, துடிப்பு 110 என்று குறித்தால் விடை 22தான் வரும். அவருடைய இதயமும் நுரையீரலும் தசைகளும் அதே நிலையில்தான் இருக்கின்றன. மதிப்பீடு மட்டும் ஆறரைப் புள்ளி சரிந்துவிட்டது. நடக்கும்போது முழு வாக்கியங்களைத் தடையின்றிப் பேச முடிந்தால் இன்னும் வேகம் கூட்ட இடமிருக்கிறது என்று பொருள்.

இதற்கு நேர் எதிரான தவறு, இடையிடையே சில அடிகள் ஓடுவது. நடையில் எப்போதும் ஒரு பாதமாவது தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். சிறு ஓட்டங்களால் ஒரு நிமிடம் மிச்சமாகி, துடிப்பு ஆறு மட்டும் ஏறியிருந்தால், விடை இரண்டு புள்ளிக்கு மேல் உயர்ந்துவிடும். நேரத்துக்குச் சமன்பாடு தரும் குணகம் நடப்பவர்களை வைத்துக் கணக்கிடப்பட்டது. ஓடி மிச்சப்படுத்திய நிமிடத்துக்கு அது பொருந்தாது. தொடக்கத்தில் பாய்ந்துவிட்டுப் பாதி தூரத்துக்குப் பின் சோர்ந்துபோவதும் நல்லதல்ல, ஏனெனில் அப்போது கடைசியில் அளக்கும் துடிப்பு அந்த மைல் முழுவதற்கும் உரியதாக இராது.

அடுத்தது நாடி. மூல ஆய்வில் நடந்துகொண்டிருக்கும்போதே, கடைசிக் கால் மைலின் துடிப்பைக் கருவி கொண்டு பதிவு செய்தார்கள். நாமோ நின்று, மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்துவிட்டு விரலை வைக்கிறோம். உடற்பயிற்சி நின்ற முதல் நிமிடத்திலேயே இதயத் துடிப்பு வேகமாக இறங்கும். ஒரு நிமிடத்தில் 20, 25 குறைவது இயல்பே. 144 ஆக இருந்தது 120 ஆன பிறகு எண்ணினால், அதே பெண்ணின் விடை 32.2 ஆகிவிடும். இது இனிமையான தவறு. இறங்கிய துடிப்பு விடையை எப்போதும் உயர்த்தியே காட்டும் என்பதால் யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை. கோட்டைத் தாண்டியவுடனே, ஏற்கெனவே தேடி வைத்திருக்கும் மணிக்கட்டு நாடியில் விரலை வைத்து, 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது போதுமானது. 15 விநாடியில் ஒரு துடிப்பு தவறினால் நிமிடத்துக்கு நான்கு தவறும், ஆனால் அது விடையில் 0.6 மட்டுமே. எண்ணிக்கையில் ஒன்று விட்டுப்போவதைவிட, எண்ணத் தொடங்கத் தாமதிப்பதே பெருங்கேடு. கழுத்து நாடியை அழுத்திப் பிடிப்பதைத் தவிர்க்க வேண்டும், ஏனெனில் அந்த அழுத்தமே துடிப்பைக் குறைக்கக்கூடும்.

கைக்கடிகாரம் காட்டும் எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டியதில்லை. மணிக்கட்டில் ஒளியைப் பாய்ச்சித் துடிப்பை அறியும் கருவிகள், கை வீச்சின் தாளத்தைச் சில வேளைகளில் துடிப்பென்று எடுத்துக்கொள்கின்றன. வேகநடையில் நிமிடத்துக்கு 130 அடிகள் வைப்பது சாதாரணம் என்பதால், தவறான எண்ணும் நம்பத்தகுந்ததாகவே தோன்றும். நடை தொடங்கிய சில நொடிகளிலேயே துடிப்பு 130ஐத் தொட்டு, பிறகு ஏறாமல் இறங்காமல் அப்படியே நின்றால், விரலால் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். மார்புப் பட்டை இந்த வகையில் நம்பகமானது.

மருந்து பற்றி ஒரு சொல். ரத்த அழுத்தத்துக்காகவோ இதய நோய்க்காகவோ அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் உட்கொள்வோருக்குத் துடிப்பு ஏறுவதை அம்மருந்தே தடுக்கிறது. அவர்களுக்கு இச்சமன்பாடு இல்லாத திறனை இருப்பதாகக் காட்டும். சோதனைக்காக மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. சோதனையைத்தான் விட்டுவிட வேண்டும். துடிப்பு ஒழுங்கின்றி அடிப்பவர்களுக்கும் இது பொருந்தாது.

கணக்குப் பக்கத்தில் அதிகம் காணப்படுவது எடையின் அலகு. 64 கிலோவை 64 என்றே இட்டால் எடைக்காகக் கழிய வேண்டிய 10.85க்குப் பதிலாக 4.92 மட்டும் கழியும், 28.5 என்பது 34.4 ஆகும். நம்பும்படியான எண்ணாக இருப்பதால் இத்தவறு பெரும்பாலும் பிடிபடுவதில்லை. சில இடங்களில் எடையின் குணகம் 0.0769க்குப் பதில் 0.1692 என்றிருக்கும். அது கிலோவுக்கு மாற்றப்பட்ட வடிவம். அதில் எடையைப் பவுண்டாக்கி இட்டால் தவறு எதிர்ப்பக்கம் போய்விடும். ஆகவே சமன்பாட்டைப் பயன்படுத்துமுன் முதலில் அந்தக் குணகத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

நேரத்தை எழுதுவதில் இன்னொரு குழப்பம் உண்டு. 16 நிமிடம் 24 விநாடி என்பது 16.24 அல்ல, 24ஐ 60ஆல் வகுத்து 16.4 என்று எழுத வேண்டும். இந்த எடுத்துக்காட்டில் வேறுபாடு அரைப் புள்ளிதான். ஆனால் 16 நிமிடம் 5 விநாடியை 16.5 என்று எழுதுவோருக்கு ஏறத்தாழ 1.4 புள்ளி பறிபோகும். எக்செல் போன்ற விரிதாளில் `16:24` என்று தட்டினால் அது மாலை நாலேகால் தாண்டிய கடிகார நேரமாகப் புரிந்துகொள்ளப்பட்டு, நாளின் பின்னமாக, அதாவது 0.683 என்று சேமிக்கப்படும். அப்போது விடை 79.8 என்று வரும். அது உலகத் தரம் வாய்ந்த நெடுந்தூர ஓட்டக்காரர்களிடம் காணப்படும் அளவு. பெரிய தவறுக்குள்ள ஒரே நன்மை, அது உடனே கண்ணில் பட்டுவிடும்.

தூரத்தைப் பொறுத்தவரை, ஒரு மைல் என்பது 1609 மீட்டர். 400 மீட்டர் தடத்தின் உட்பாதையில் நான்கு சுற்றும் ஒன்பது மீட்டரும். அந்த ஒன்பது மீட்டரை மறந்தால் ஐந்து விநாடிதான் மாறும், பொருட்படுத்த வேண்டாம். ஆனால் கூட்டம் காரணமாக நான்காவது பாதையில் நடந்தால் ஒரு சுற்று சுமார் 422 மீட்டர் ஆகிறது. நான்கு சுற்றில் ஒரு மைலைவிட சுமார் 80 மீட்டர் கூடுதல், நம் எடுத்துக்காட்டின் வேகத்தில் முக்கால் நிமிடத்துக்கு மேல், விடையில் இரண்டரைப் புள்ளிக்கும் மேல் இழப்பு. கட்டடங்களுக்கும் மரங்களுக்கும் இடையே கைபேசியின் ஜிபிஎஸ் காட்டும் தூரத்தையும் இதே எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இவை எல்லாவற்றையும் சரியாகச் செய்த பிறகும், கிடைத்த எண்ணைப் படிப்பதில் ஒரு தவறு எஞ்சியிருக்கிறது. இச்சமன்பாட்டின் திட்டப் பிழை ஏறத்தாழ 5. அதாவது 28.5 என்று விடை பெறும் மூவரில் இருவருக்கு உண்மையான திறன் 23.5க்கும் 33.5க்கும் இடையில் இருக்கலாம். மற்ற ஒருவருக்கு அதற்கும் வெளியே. தசம இடம் வரை வந்த எண்ணை வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரின் 27.9ஐவிடத் தாம் மேல் என்று சொல்வதற்கு இதில் ஆதாரமில்லை. முப்பது வயதுக்குக் கீழுள்ளவர்கள் மூல ஆய்வில் இல்லை. கல்லூரி மாணவர்களிடம் பின்னாளில் சோதித்தபோது, இச்சமன்பாடு அவர்களுடைய திறனை மிகைப்படுத்திக் காட்டுவது தெரியவந்தது. நன்கு பயிற்சி பெற்ற ஓட்டக்காரருக்கும் இது உதவாது. எவ்வளவு விரைந்து நடந்தாலும் அவர் துடிப்பு போதிய அளவு ஏறாது. அவருக்கு 12 நிமிட ஓட்டச் சோதனையே ஏற்றது.

அதே நபர் சில மாதங்கள் கழித்துத் தம்மைத் தாமே ஒப்பிடும்போது நிலைமை சற்று மேல், ஏனெனில் அவருக்கே உரிய பிழையின் பெரும்பகுதி இரு முறையும் ஒன்றாகவே இருக்கும். ஆனால் சூழலும் ஒன்றாக இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் துடிப்பு பத்து கூடினால் விடையில் 1.6 குறையும், மார்கழிக் காலையில் நடந்த அளவோடு அதை ஒப்பிட்டால், பயிற்சியால் பின்னடைந்ததாகத் தோன்றும். நான்கு கிலோ எடை குறைந்தால் மட்டும் 0.7 கூடும், பிறந்தநாள் ஒன்று கடந்தால் 0.4 குறையும். இவற்றைக் கழித்த பிறகு, நேரமும் துடிப்பும் உண்மையில் எவ்வளவு மாறின என்று தனித்தனியே பார்ப்பது, இறுதி எண்ணைப் பார்ப்பதைவிடப் பயனுள்ளது. அந்தப் பெண் அதே தடத்தில், அதே காலை வேளையில், அதே 144 துடிப்பில் 15 நிமிடம் 30 விநாடியில் நடந்தால் விடை சுமார் 31.4 ஆகும்; ஒரு வாரம் விட்டு மறுபடி நடந்தபோதும் அதற்கு அருகிலேயே வந்தால் அம்முன்னேற்றத்தை ஏற்கலாம்.