அகல அலாய் சக்கரம்: கடையில் கேட்க மறக்கும் மூன்று எண்கள்

கடலூரில் சக்கரச் சீரமைப்பு வேலை பார்க்கும் எனக்கு மழைக்காலம் தொடங்கினால் ஒரே மாதிரியான வண்டிகள் வரும். சிறிய கார், பளபளக்கும் புதிய அலாய் சக்கரம், "ஸ்டீயரிங் உதறுகிறது, அலைன்மென்ட் பாருங்கள்" என்ற கோரிக்கை. பெரும்பாலும் அலைன்மென்டில் குறை இருக்காது. சக்கரத்தைக் கழற்றிப் பின்புறம் பார்த்தால்தான் காரணம் தெரியும்.

அண்மையில் நெல்லிக்குப்பத்திலிருந்து ஓர் ஆசிரியர் வந்தார். நான்கு நட் கொண்ட சிறிய கார். பழைய சக்கரம் 15 அங்குல விட்டமும் 5 அங்குல அகலமும் உடையது. அதன் பின்புறம் ஈடி 45 என்று வார்க்கப்பட்டிருந்தது. புதியதும் 15 அங்குலம்தான், ஆனால் அகலம் 7 அங்குலம், ஈடி 35. டயரை 185/65 அளவிலிருந்து 195/60 அளவுக்கு மாற்றியிருந்தார். டயரின் மொத்த உயரம் ஏறத்தாழ 621 மில்லிமீட்டரிலிருந்து 615க்கு வந்திருந்தது. ஆக, உயரத்தில் பிழை இல்லை. ஆனாலும் பின் இருக்கையில் மூன்று பேர் உட்கார்ந்து வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் பின்சக்கரம் மட்கார்டு விளிம்பைக் கடித்தது. விளிம்பை மடக்கி அடித்துவிடலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நான் வேண்டாமென்று சொல்லிவிட்டு, ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

முதல் எண் ஈடி, அதாவது ஆஃப்செட். சக்கரத்தை அகலவாக்கில் சரிபாதியாக வெட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நடுக்கோட்டிலிருந்து, சக்கரத்தைத் தாங்கிச் சுழலும் ஹப்பில் போய் ஒட்டும் முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளிப்புறமாகத் தள்ளி இருக்கிறது என்பதுதான் அந்த எண். எண் பெரிதானால் சக்கரம் உள்ளே போகும். சிறிதானால் வெளியே வரும். பலர் ஆஃப்செட்டை மட்டும் பார்த்து, "45க்கு 35, பத்து மில்லிமீட்டர்தானே" என்று நினைத்துவிடுகிறார்கள். இதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. அகலம் கூடும்போது அதில் பாதி வெளியேயும் பாதி உள்ளேயும் போகிறது. அதைச் சேர்த்தால்தான் கணக்கு முடியும்.

பழைய சக்கரத்தின் பாதி அகலம் 63.5 மில்லிமீட்டர். ஹப் முகத்திலிருந்து வெளி விளிம்பு 63.5 − 45 = 18.5. உள் விளிம்பு 63.5 + 45 = 108.5. புதியதன் பாதி அகலம் 88.9. வெளி விளிம்பு 88.9 − 35 = 53.9, உள் விளிம்பு 88.9 + 35 = 123.9. ஆக, சக்கரம் வெளியே 35 மில்லிமீட்டரும் உள்ளே 15 மில்லிமீட்டரும் நகர்ந்திருக்கிறது. பத்து என்று நினைத்தது முப்பத்தைந்தாக ஆகிவிட்டது. மட்கார்டு விளிம்பை மடக்கினால் சில மில்லிமீட்டர் கிடைக்கும், அவ்வளவே. கூடவே அந்த மடிப்பில் பெயின்ட் வெடிக்கும். கடலோர உப்புக் காற்றில் துரு அங்கிருந்துதான் புறப்படும்.

உரசலை விட எனக்குக் கவலை தருவது வேறு. முன்சக்கரம் வெளியே நகர்ந்தால், ஸ்டீயரிங் திரும்பும் அச்சுக்கும் டயர் தரையைத் தொடும் நடுப்புள்ளிக்கும் உள்ள தொலைவு மாறிவிடுகிறது. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் தேங்கிய நீரில் இறங்கினால் ஸ்டீயரிங் கையிலிருந்து வெடுக்கென்று இழுக்கும். மழை நாளில் கடலூர்–புதுச்சேரி சாலையின் ஓரத்தில் அப்படிப்பட்ட இடங்களுக்குக் குறைவில்லை. பிரேக் அடிக்கும்போதும் இதே இழுப்பு வரும். சுமை நெம்புகோல் போல வெளியிலிருந்து அழுத்துவதால் பேரிங்கும் சீக்கிரம் இரைச்சல் போடத் தொடங்கும். இதை எந்த அலைன்மென்டும் சரிசெய்யாது.

அதே கணக்கை 6 அங்குல அகலம், ஈடி 40 என்ற சக்கரத்துக்குப் போட்டோம். வெளியே சுமார் 18, உள்ளே சுமார் 8 மில்லிமீட்டர். ஆஃப்செட் 45 ஆகவே கிடைத்தால் இரு பக்கமும் 13 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அது இன்னும் நல்லது. ஆனால் அப்போது ஷாக் அப்சார்பருக்கும் டயருக்கும் இடையே எவ்வளவு இடம் இருக்கிறதென்று பழைய சக்கரம் மாட்டியிருக்கும்போதே அளந்துவிட வேண்டும். வாங்கிய பிறகு அளந்து பயனில்லை.

இரண்டாவது எண், நட் துளைகளின் வட்ட விட்டம். கடைகளில் பிசிடி என்பார்கள். மாருதி ஸ்விஃப்ட், ஹூண்டாய் ஐ20 ஆகியவற்றுக்கு 4×100, அதாவது 100 மில்லிமீட்டர் வட்டத்தில் நான்கு துளைகள். இங்கே ஓடிய ஃபியட் புன்டோவுக்கு 4×98. வட்டத்தில் இரண்டு மில்லிமீட்டர் என்றால் ஒவ்வொரு துளைக்கும் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகல். நட்டை முறுக்கினால் இழுத்துப் பிடித்து உட்கார்ந்துவிடும்; பொருந்திவிட்டது என்று தோன்றும். உண்மையில் நட் ஏறும் ஸ்டட்கள் வளைந்து நிற்கின்றன, நட்டின் கூம்பு முகம் ஒரு பக்கம் மட்டும் தொடுகிறது. பழைய சக்கரம் வாங்குகிறவர்கள் எதிரெதிர்த் துளைகளின் நடுவை அளவுகோலால் கட்டாயம் அளக்க வேண்டும். எல்லா நட்டும் கையாலேயே கடைசி வரை ஏற வேண்டும். ஒன்று முரண்டு பிடித்தால் அந்தச் சக்கரத்தை வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

மூன்றாவது எண்தான் அந்த உதறலுக்குக் காரணம். சக்கரத்தின் நடுத்துளை ஹப்பின் மூக்கில் இறுக்கமாக உட்கார வேண்டும். நான் சொன்ன ஸ்விஃப்டிலும் ஐ20யிலும் ஹப் 54.1 மில்லிமீட்டர். சந்தையில் விற்கும் அலாய்கள் பல கார்களுக்குப் பொருந்தும்படி துளையை 73.1 வரை பெரிதாக வைத்திருப்பார்கள். இடைவெளியை நிரப்ப 73.1க்கு 54.1 என்ற அளவில் ஒரு வளையம் உண்டு. அதைப் போடாமல் விட்டால் சக்கரத்தை நடுவில் நிறுத்தும் பொறுப்பு முழுவதும் நட்டுகளுக்குப் போகிறது. காரைக் கீழே இறக்கியபின் முறுக்கினால் வண்டியின் எடை சக்கரத்தை ஓரமாக அழுத்தி அப்படியே பூட்டிவிடும். பாலன்சிங் எந்திரத்தில் சுழற்றினால் குறை தெரியாது, ஏனென்றால் எந்திரம் அதைத் தன் கூம்பால் நடுவில் பிடிக்கிறது. சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டும்போதுதான் ஸ்டீயரிங்கில் தெரியும். ஆசிரியரின் வண்டியில் வளையமே இல்லை. அதற்கு முன் அவர் இரண்டு முறை பாலன்சிங்குக்குப் பணம் கொடுத்திருந்தார் என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

வளையம் பிளாஸ்டிக்கிலும் கிடைக்கிறது, அலுமினியத்திலும் கிடைக்கிறது. நம் கடற்கரையில் அலுமினிய வளையம் இரும்பு ஹப்போடு அரித்து ஒட்டிக்கொள்கிறது. இரண்டு மழைக்காலம் போனால் சுத்தியல் இல்லாமல் வராது. ஆதலால் அன்றாட வண்டிக்கு நான் நல்ல பிளாஸ்டிக் வளையத்தையே சொல்வேன். ஹப்பின் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டுப் போட வேண்டும்.

ஆசிரியர் அந்தச் சக்கரங்களைக் கொடுத்துவிட்டு 6 அங்குலம், ஈடி 40 வாங்கி வந்தார். வளையங்களைப் பொருத்தி, சக்கரம் தரையைத் தொடாத நிலையிலேயே நட்டுகளைக் குறுக்குமறுக்காகப் படிப்படியாக இறுக்கி, இறக்கியபின் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்குக் குறடால் முடித்தேன். பிறகு பின் இருக்கையில் மூன்று பேரை உட்காரவைத்து, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி, வேகத்தடையில் ஏற்றி இறக்கினோம். உரசல் இல்லை. புதுச்சேரி வரை போய்த் திரும்பி வந்தவரின் நட்டுகளை மறுபடி சோதித்தேன். ஒன்று மட்டும் கால் சுற்று இறங்கியது.