ஸ்கேன் படிவத்தில் டைப் செய்ய

மயிலாப்பூர் பள்ளி ஒன்றின் சேர்க்கைப் படிவம் ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஆக வந்திருக்கிறது. கோட்டின் மேல் கிளிக் செய்தால் கர்சரே வராது, ஏனென்றால் அது வெறும் படம். பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்கு ஓட வேண்டாம். கம்ப்யூட்டரில் ஃபயர்பாக்ஸில் திறந்து, மேலே வலப்பக்கம் Text என்ற கருவியை அழுத்தி, கோட்டின் மேல் கிளிக் செய்து டைப் செய்யுங்கள். எழுத்து பெரிதாக இருந்தால் Size குறைக்கலாம், கோட்டில் உட்காராவிட்டால் இழுத்து நகர்த்தலாம்.

கட்டத்துக்கு ஓர் எழுத்து என்றால்தான் தொல்லை. இடைவெளி விட்டு அடித்தால் போகப்போக விலகும்; மூன்று நான்கு எழுத்துகளாகப் பிரித்துத் தனித்தனியாக வையுங்கள்.

அப்புறம், சேமித்ததை அப்படியே அனுப்பாதீர்கள். எழுத்துகள் படத்தின் மேல் தனியாக மிதப்பதால் சில செயலிகளில் தெரியாமல் போகலாம். Print கொடுத்து Save to PDF தேர்ந்தெடுங்கள். புதிய கோப்பை ஃபயர்பாக்ஸில் திறந்து, Text கருவியை அழுத்திவிட்டு எழுத்தை இழுத்துப் பாருங்கள், நகரவில்லை என்றால் சரி.