தீபாவளிக்கு முன் கடைக்கு வர வேண்டிய மசாலா: தேதியிலிருந்து பின்னோக்கித் திட்டம் போடுவது எப்படி

புதுப் பொருள் ஒன்றைக் கடைக்குக் கொண்டுவரும்போது பெரும்பாலானவர்கள் இன்றைய தேதியிலிருந்து கணக்கைத் தொடங்குகிறார்கள். இது ஒரு வாரம், அது இரண்டு வாரம் என்று கூட்டிக்கொண்டே போய், கடைசியில் வரும் தேதியில் பொருளை விடுகிறார்கள். தேதியை நீங்களே தள்ளிவைக்க முடியுமென்றால் அது போதும். பண்டிகைக்கு விற்கும் பொருளுக்கு அது உதவாது. அங்கே தேதி முதலில் நிற்கும், மற்ற எல்லாம் அதற்குப் பின்னால் வரிசையாக நிற்க வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் வீட்டுத் தொழிலாக மசாலா அரைக்கும் ஒரு குடும்பத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். அக்கா அரைக்கிறார். தம்பி லேபிள் வடிவமைக்கிறான். சித்தப்பா கடைகளுக்கு வண்டி ஓட்டுகிறார். 200 கிராம் மட்டன் குழம்பு மசாலா ஒன்றை 2026 தீபாவளிக்கு முன் ஐந்து கடைகளில் வைக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம்.

படி 1: தேதி ஏன் அந்தத் தேதி என்று எழுதுங்கள்

தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. ஆனால் இது மட்டன் மசாலா. நம் ஊரில் புரட்டாசி முழுக்கக் கறி தொடாத வீடுகள் ஏராளம், புரட்டாசி முடிவதே அக்டோபர் நடுவில்தான். தீபாவளி முடிந்த கையோடு கந்த சஷ்டி விரதம் வந்துவிடும். ஆக, இந்தப் பொருளுக்கு நல்ல விற்பனைக் காலம் ஏறக்குறைய மூன்று வாரம். அதற்குள், மக்கள் சம்பளத்துக்கு அருகில் வரும் அக்டோபர் 24, சனிக்கிழமையைப் பிடித்தார்கள்.

காரணத்தை எழுதி வைப்பதற்கு ஒரு பயன் உண்டு. நடுவில் யாராவது “இரண்டு வாரம் தள்ளினால் என்ன?” என்று கேட்கும்போது, தள்ளினால் தீபாவளிக்கு முந்தின நாளில் போய் விழும், அதை அடுத்து விரத வாரம் என்று உடனே காட்டிவிடலாம்.

அன்றைக்கு என்ன நடந்திருக்க வேண்டும் என்பதையும் ஒரே வரியில் எழுதுங்கள். “ஐந்து கடைகளிலும் பாக்கெட் அலமாரியில் இருக்கிறது, பில் போடும் மெஷின் அதன் பார்கோடைப் படிக்கிறது.” இரண்டாவது பாதியைப் பலர் மறக்கிறார்கள். கடையின் கணினியில் பொருளை ஏற்றாவிட்டால் பாக்கெட் அலமாரியில் இருந்தும் விற்க முடியாது.

படி 2: பின்னோக்கி நடங்கள்

ஒவ்வொரு வேலைக்கும் ஒரே கேள்வி: “இது தொடங்குவதற்கு முந்தின நாள் எது முடிந்திருக்க வேண்டும்?”

கடைக்குக் கொண்டுபோக இரண்டு நாள். அதற்கு முன் பாக்கெட் போட நான்கு நாள். பாக்கெட் போட லேபிள் வேண்டும், அச்சகம் எட்டு வேலை நாள் கேட்கிறது. அச்சுக்குப் போக லேபிளுக்கு ஒப்புதல் வேண்டும். ஒப்புதலுக்கு வடிவமைப்பு வேண்டும். வடிவமைக்கப் பொருள்களின் பட்டியல் வேண்டும். பட்டியலுக்கு ருசி முடிவாகியிருக்க வேண்டும்.

இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணிதான் முன்னோக்கிப் போடும் திட்டத்தில் கண்ணுக்குத் தப்பும். லேபிள் அடித்துக்கொண்டிருக்கும்போதே ருசியைச் சரிசெய்யலாம் என்று தோன்றும். செப்டம்பர் கடைசியில் அக்கா “கொஞ்சம் பெருங்காயம் சேர்த்தால் நன்றாக இருக்கும்” என்கிறார் என்று வையுங்கள். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். தென்னாப்பிரிக்க லேபிள் விதிகளின்படி (2010-இன் ஆர்146) கோதுமை ஒவ்வாமைப் பொருள், அதைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். ஒரு சிட்டிகைப் பெருங்காயத்துக்காக அடித்த லேபிள் முழுக்க வீணாகும். அதனால் திட்டத்தில் “ருசி பூட்டப்படும் நாள்” என்று ஒரு தேதி வேண்டும். அதற்குப் பிறகு யாரும் செய்முறையைத் தொடக்கூடாது.

மசாலாப் பொருள் வாங்குவதும் அரைப்பதும் தனிக் கிளை. ருசி பூட்டியதும் ஆர்டர் கொடுத்தால் அக்டோபர் முதல் வாரம் வரை நேரம் இருக்கிறது. அங்கே கவலை குறைவு.

படி 3: காலண்டரில் வையுங்கள்

வேலை நாள்களை மட்டும் எண்ணுங்கள். செப்டம்பர் 24 பாரம்பரிய தினம், வியாழக்கிழமை, அரசு விடுமுறை. அந்த ஒரு நாளை விட்டுவிட்டால் அதற்கு முந்தின எல்லாத் தேதியும் ஒரு நாள் தவறும். எக்செல், கூகுள் ஷீட் இரண்டிலும் இதற்கு ஃபார்முலா உண்டு:

```
=WORKDAY(B2,-C2,$F$2:$F$5)
```

B2-இல் அடுத்த வேலை தொடங்கும் தேதி, C2-இல் இந்த வேலைக்கான நாள்கள், F பத்தியில் விடுமுறைகள். கழித்தல் குறி போட்டால் பின்னோக்கி எண்ணும். விடையாக வருவது இந்த வேலை தொடங்க வேண்டிய தேதி. அதை அடுத்த கீழ் வரிசையின் B பத்தியில் வைத்து அப்படியே தொடருங்கள். நம் குடும்பத்துக்கு வந்த கணக்கு இது:

- அக்டோபர் 24, சனி: கடையில் விற்பனை
- அக்டோபர் 22–23: கடைகளுக்கு விநியோகம் (சித்தப்பா)
- அக்டோபர் 15–21: தாமதம் வந்தால் சமாளிக்கக் கையிருப்பு நாள்கள், 5 நாள்
- அக்டோபர் 9–14: பாக்கெட் போடுதல், 4 நாள் (அக்கா)
- செப்டம்பர் 29 – அக்டோபர் 8: லேபிள் அச்சு, 8 நாள் (தம்பி)
- செப்டம்பர் 23–28: கையிருப்பு நாள்கள், 3 நாள்
- செப்டம்பர் 16–22: லேபிள் ஒப்புதல், 5 நாள் (தம்பி)
- செப்டம்பர் 9–15: லேபிள் வடிவமைப்பு, 5 நாள் (தம்பி)
- செப்டம்பர் 1–8: ருசி பார்த்து முடிவு, 6 நாள் (அக்கா)

தொடங்கும் நாள் செப்டம்பர் 1 என்று வந்திருக்கிறது. இன்றைக்கு அதைத் தாண்டியிருந்தால் நாள்களைக் கசக்கிப் பிழியாதீர்கள், வேலையைக் குறையுங்கள். ஐந்து கடைக்குப் பதில் இரண்டு கடை என்றால் பாக்கெட் போடும் நாளும் விநியோகமும் குறையும்.

படி 4: ஒரு வேலைக்கு ஒரு ஆள்

“தம்பியும் சித்தப்பாவும் பார்த்துக்கொள்வார்கள்” என்று எழுதினால் யாரும் பார்க்க மாட்டார்கள், ஒருவர் இன்னொருவரை நம்பியிருப்பார். எத்தனை பேர் கை வைத்தாலும் பொறுப்பு ஒருவருக்குத்தான். அச்சகத்தில் வேலை நடக்கிறது, ஆனால் அச்சுக்குப் பொறுப்பு தம்பி. லேபிள் வரவில்லை என்றால் அவன்தான் முதலில் சொல்ல வேண்டும். அதுவும் அச்சகம் ஃபோன் செய்யும் வரை காத்திராமல், நான்காம் நாளே கேட்டுத் தெரிந்துகொண்டு சொல்ல வேண்டும்.

படி 5: ஒப்புதல் என்பது தனி வேலை

திட்டங்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். ஒப்புதலை “அனுப்பிவிட்டால் வந்துவிடும்” என்று நினைத்து, அதற்கு நாளே ஒதுக்காமல் விடுகிறார்கள்.

ஒவ்வொரு ஒப்புதலுக்கும் நான்கு விஷயம் எழுதுங்கள்: யார் தருகிறார், எதைப் பார்த்துத் தருகிறார், எத்தனை நாளில், அவர் இல்லையென்றால் யார். நம் லேபிளைப் பார்ப்பவர் உணவு லேபிள் விதி தெரிந்த ஒரு ஆலோசகர். பொருள்கள் எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக இருக்கின்றனவா, ஒவ்வாமைப் பொருள் சொல்லப்பட்டிருக்கிறதா, தயாரித்தவர் முகவரி, நிகர எடை, தேதி, பேட்ச் அடையாளம் இருக்கின்றனவா என்று பார்ப்பார். தமிழில் பெயர் போடலாம், ஆனால் கட்டாய விவரங்கள் ஆங்கிலத்தில் இருந்தாக வேண்டும். அவருக்குக் கொடுத்த ஐந்து நாளில் மூன்று நாள் முதல் வாசிப்பு, ஒரு நாள் திருத்தம், ஒரு நாள் மறுவாசிப்பு. முதல் முறையிலேயே சரியாகிவிடும் என்று எண்ணிப் போட்ட கணக்கு நிற்காது.

பதில் வராததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்றாம் நாள் மாலை பதில் இல்லையென்றால் ஃபோன் செய்ய வேண்டும் என்று திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். செப்டம்பர் கடைசியில் பள்ளி விடுமுறை தொடங்கும், ஊருக்குப் போகிறவர்கள் உண்டு. ஆலோசகர் இருப்பாரா என்று ஆகஸ்டிலேயே கேட்டு வைப்பது நல்லது.

இன்னும் இரண்டு ஒப்புதல் இந்தச் சங்கிலிக்கு வெளியே இருக்கின்றன. அரைக்கும் இடத்துக்கு நகராட்சி சுகாதாரத் துறை தரும் தகுதிச் சான்றிதழ் (ஆர்638 விதிப்படி) கையில் இருக்க வேண்டும். அது நேரில் வந்து பார்த்த பிறகு கிடைப்பது, நாள் உங்கள் கையில் இல்லை. அதனால் அது இல்லாமல் வெளியீட்டுத் தேதியையே குறிக்காதீர்கள். அப்புறம் பார்கோடு: ஜிஎஸ்1 தென்னாப்பிரிக்காவிடம் எண் வாங்கி, வடிவமைப்பு தொடங்கும் முன் தம்பி கையில் இருக்க வேண்டும். அதே எண்ணைச் சித்தப்பா கடைகளுக்கும் கொடுத்து, கணினியில் ஏற்றச் சொல்ல வேண்டும்.

படி 6: கையிருப்பு நாள்களை ஒளித்து வைக்காதீர்கள்

ஒவ்வொருவரும் தன் வேலையில் இரண்டு நாள் கூட்டிச் சொன்னால் அந்த நாள்கள் எப்படியும் கரைந்துபோகும். எட்டு நாள் இருக்கிறது என்று தெரிந்தால் வேலை மூன்றாம் நாள்தான் தொடங்கும். அதனால் வேலைகளுக்கு உண்மையான நாளைப் போட்டு, மிச்சத்தை எல்லாருக்கும் தெரியும்படி ஓரிடத்தில் சேர்த்து வையுங்கள். நம் திட்டத்தில் மூன்று நாள் ஒப்புதலுக்குப் பின்னால் நிற்கிறது, ஏனென்றால் அங்கே அடுத்தவர் கையை நம்பியிருக்கிறோம். ஐந்து நாள் பாக்கெட் போட்ட பின் நிற்கிறது.

வெள்ளிக்கிழமைதோறும் கையிருப்பில் எவ்வளவு போயிற்று என்று பாருங்கள். ஐந்தில் ஒன்று போனால் பேச்சே வேண்டாம். இரண்டு, மூன்று போனால் அடுத்து என்ன செய்வது என்று யோசித்து வையுங்கள். நான்கு போனால் அன்றே செய்துவிடுங்கள். என்ன செய்வது என்பதும் முன்பே எழுதியிருக்க வேண்டும்: உள்ளூர் டிஜிட்டல் அச்சில் ஒப்புதல் பெற்ற அதே லேபிளைக் கொஞ்சமாக அடித்து, இரண்டு கடைக்கு மட்டும் கொடுப்பது.

கடைசியாக ஒரு எல்லைத் தேதி. பாக்கெட் போட நான்கு நாள் வேண்டும், அது அக்டோபர் 21-க்குள் முடிய வேண்டும். ஆக, 16-ஆம் தேதி காலை லேபிள் கையில் இல்லையென்றால் ஐந்து கடை சாத்தியமில்லை. 15-ஆம் தேதி மாலை முடிவெடுப்பவர் அக்கா. சின்ன அளவும் முடியாது என்றால் ஒவ்வொரு நாளாகத் தள்ளிக்கொண்டு போக வேண்டாம், விரதம் முடிந்தபின் நவம்பர் 21, சனிக்கிழமைக்கு நேராக மாற்றிவிடலாம். அதற்கும் தாண்டினால் டிசம்பர் நடுவில் அச்சகங்கள் மூடிவிடும், ஜனவரிதான்.