ஃப்ரெண்டு பர்த்டேக்கு ஆடியோ பண்றீங்களா? ஸ்க்ரிப்ட்லயே சொதப்புற இடங்கள்

பர்த்டேக்கு வீடியோ எல்லாரும் பண்றாங்க, ஆடியோ பண்றவங்க கம்மி. நாலஞ்சு பேரோட குரல், நடுநடுல பாட்டு பிட், மொத்தம் ஆறு நிமிஷம், அவ்ளோதான் மேட்டர். ஆனா இதுல பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சொதப்பல் நடக்குது. எல்லாரும் எடிட்டிங்ல பிரச்சனைன்னு நினைக்கிறாங்க, எனக்கு தெரிஞ்சு முக்காவாசி பிரச்சனை ஸ்க்ரிப்ட்லயே வந்துடுது.

ஒரு கேஸ் எடுத்துக்குவோம். கோயம்புத்தூர்ல ஹாஸ்டல்ல படிச்ச ஒரு பொண்ணு, இப்போ முப்பது வயசு ஆகுது. அவளுக்காக பேசப்போறது ரூம்மேட், தம்பி, அம்மா, முதல் ஆஃபீஸ்ல இருந்த சீனியர் அக்கா, அப்புறம் நடுவுல இணைச்சு பேசற நீங்க.

முதல் தப்பு, எல்லாருக்கும் "அவளை பத்தி ஏதாவது ஒரு நிமிஷம் பேசி அனுப்புங்க"ன்னு மெசேஜ் தட்டிவிடறது. இப்படி கேட்டா என்ன வரும்னு உங்களுக்கே தெரியும், "ரொம்ப நல்ல பொண்ணு, எப்பவும் சிரிச்சுக்கிட்டே இருப்பா, இன்னும் நூறு வருஷம் நல்லா இருக்கணும்"னு நாலு பேரும் அதையே சொல்லி இருப்பாங்க, பேரை மாத்திட்டா வேற யாருக்கு வேணும்னாலும் அனுப்பலாம். அதுக்கு பதிலா ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா ஒரு சம்பவத்தை பிடிச்சு கேள்வியா கேளுங்க. ரூம்மேட்கிட்ட "ஃப்யூஸ் போன ராத்திரி என்ன நடந்துச்சு, வார்டன் மேம் வந்ததும் இவ என்ன சொன்னா"ன்னு கேளுங்க. அம்மாகிட்ட "முதல் சம்பளம் வந்த அன்னைக்கு வீட்டுக்கு போன் பண்ணி முதல்ல என்ன கேட்டா"ன்னு கேளுங்க. இப்படி கேட்டா அவங்களே அந்த இடத்துக்கு போயிடுவாங்க, குரலே மாறிடும்.

இன்னொன்னும் சேர்த்து சொல்லிடணும், எழுதி வச்சு படிக்க வேணாம்னு. படிச்சா உடனே காதுல தெரியும், குரல் ஒரே லெவல்ல போகும், "நான் மறக்க முடியாத ஒரு நிகழ்வு"ன்னு மேடைத்தமிழ் வந்துடும். அப்புறம் உங்க கேள்வி ஃபைனல்ல வராதுங்கறதால பதிலை "ஆமா, அன்னைக்கு..."ன்னு ஆரம்பிக்காம, எந்த நாள், எங்க, யார் யார்னு சொல்லி ஆரம்பிக்க சொல்லுங்க. இதை விட்டுட்டா அப்புறம் நீங்க நடுவுல வந்து ஒவ்வொன்னுக்கும் விளக்கம் குடுக்க வேண்டியிருக்கும், அது நியூஸ் வாசிக்கற மாதிரி ஆயிடும்.

ரெண்டாவது தப்புதான் பெருசு. பாட்டை முதல்ல செலக்ட் பண்ணிட்டு அதுக்கு ஏத்த மாதிரி பேச்சை தேடறது. நட்பு பத்தின பாட்டு, பர்த்டே பாட்டுன்னு ரெடிமேடா நாலு இருக்கு, எல்லாரும் அதைத்தான் போடறாங்க. பாட்டு சம்பவத்துக்குள்ள இருந்து வரணும். அந்த ஃப்யூஸ் கதையையே பாருங்க, ராத்திரி ரூம்ல ஸ்பீக்கரை ப்ளக்ல மாட்டி பாட்டு ஓடிட்டு இருக்கு, எலெக்ட்ரிக் கெட்டில்ல நூடுல்ஸ் வேகுது, ரெண்டும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல, டப்புனு போயிடுச்சு. அன்னைக்கு என்ன பாட்டு ஓடுச்சுன்னு ரூம்மேட்டை கேளுங்க, அந்த பாட்டுதான் வேணும், அது குத்துப்பாட்டா இருந்தாலும் சரி. ஸ்க்ரிப்ட்ல இப்படி வரும்:

பாட்டு: இன்டர்லூட்ல இருந்து 8 செகண்ட், ஃபுல் சத்தம். அப்புறம் பேச்சுக்கு அடியில தணியுது.

ரூம்மேட்: "செகண்ட் இயர், ராத்திரி பதினொன்றரை இருக்கும். கெட்டில்ல நூடுல்ஸ். இவதான் குக்கு."

பாட்டு: இன்டர்லூட் பாதியில சட்டுனு கட். 1 செகண்ட் சுத்த அமைதி.

ரூம்மேட்: "ஃபுல் ஃப்ளோரும் இருட்டு. கீழ இருந்து டார்ச் லைட் ஏறி வருது. யாரு பண்ணதுன்னு மேம் கேக்க, இவ கையில தட்டோட முன்னாடி போய் நின்னு, நான்தான் மேம், நீங்களும் கொஞ்சம் சாப்பிடறீங்களாங்கறா."

பாட்டு: இங்க எதுவும் வேணாம். சிரிப்பு சத்தத்தை அப்படியே விடுங்க.

இங்க பாட்டு கட் ஆறதுதான் ஃப்யூஸ் போறது. கேக்கறவளுக்கு கதை சொல்லி முடிக்கறதுக்கு முன்னாடியே எந்த ராத்திரின்னு புரிஞ்சுடும். இதை எடிட் பண்ற அன்னைக்கு யோசிச்சா வராது, பேச சொல்றப்பவே தெரிஞ்சிருந்தாதான் "ஃபுல் ஃப்ளோரும் இருட்டு"க்கு முன்னாடி ஒரு மூச்சு இடைவெளி விட்டு பேச சொல்ல முடியும். அதனாலதான் ஸ்க்ரிப்ட்ல பேச்சு மட்டும் எழுதாம பாட்டு எங்க உள்ள வருது, எங்க தணியுது, எப்படி வெளிய போகுதுன்னு மூணையும் எழுதணும்னு சொல்றேன். நிறைய பேர் "இங்க பாட்டு"ன்னு மட்டும் எழுதி வச்சுட்டு எடிட்டிங்ல உக்காந்து பாட்டை முதல்ல இருந்து தேடிட்டு இருப்பாங்க.

சட்டுனு கட் பண்றது அந்த ஒரு இடத்துக்கு மட்டும்தான் ஆனா. மத்த இடத்துல பாட்டு ஒரு வரி முடியற இடத்துல, இல்ல தாளம் ஒரு சுத்து முடியற இடத்துல வெளிய போகணும், கூட ரெண்டு செகண்ட் ஃபேட். பாடகர் வார்த்தையை பாதியில முழுங்கற மாதிரி கட் பண்ணா தெரியாத ஆளுக்குகூட ஏதோ தப்புன்னு தெரியும்.

அடுத்து, பேச்சுக்கு அடியில வரிகள் இருக்கற பாட்டு ஓட விடறது. அம்மா பேசறாங்க, கீழ பாடகரும் பாடறாரு, ரெண்டுமே மனுஷ குரல், ரெண்டும் ஏறக்குறைய ஒரே அலைவரிசையில இருக்கு, அதனால எவ்ளோ சத்தம் குறைச்சாலும் மோதும். காது ரெண்டு பேரோட வார்த்தையையும் பிடிக்க பாக்கும், கடைசியில ரெண்டுமே புரியாது. பேச்சுக்கு அடியில இன்டர்லூட், ஆரம்ப இசை, புல்லாங்குழல் பிட், வயலின் பிட் இந்த மாதிரி வரியில்லாத பகுதி மட்டும் போடுங்க. வரி வேணும்னா பேச்சு நிக்கற இடத்துல தனியா எட்டுல இருந்து பன்னெண்டு செகண்ட் குடுங்க, அது போதும், தெரிஞ்ச பாட்டுன்னா ரெண்டு செகண்ட்லயே ஆள் கண்டுபிடிச்சுடுவா. ஆறு நிமிஷமும் அடியில ஏதாவது ஓடிட்டே இருக்கணும்னும் இல்ல. அம்மா பேசறப்போ மியூசிக்கே வேணாம்னு நான் சொல்வேன், சோக வயலின் போட்டு அழ வைக்கறது சீரியல் வேலை.

நேரக்கணக்கையும் மனசுல போடாதீங்க. நாலு பேருக்கு தலா ஒரு நிமிஷம்னா நாலு நிமிஷம், பாட்டு பிட் ஆறு, ஒவ்வொன்னும் பத்து செகண்ட்னா ஒரு நிமிஷம், உங்க இணைப்பு பேச்சு மொத்தமா ஒரு நிமிஷம், ஆறு வந்துடுச்சு. ஆனா ஒரு நிமிஷம் பேச சொன்னா மூணு நிமிஷம் அனுப்புவாங்க, தம்பி பதினஞ்சு செகண்ட் அனுப்புவான் (தம்பிங்க எல்லாம் அப்படித்தான்). அதனால எல்லாரோடதும் வந்தப்புறம் ஸ்க்ரிப்டை ஒரு தடவை திருப்பி எழுதணும், இதை யாரும் பண்றதில்ல. மூணு நிமிஷத்துல ஒரு சம்பவம் மட்டும் எடுத்துட்டு மீதிய வெட்டுங்க, முழுசையும் தனியா அவகிட்ட அப்புறம் குடுத்துக்கலாம். உங்க இணைப்பு பேச்சை வாய்விட்டு படிச்சு போன்ல ஸ்டாப்வாட்ச் வச்சு பாருங்க, கண்ணால படிக்கற வேகம் வேற வாய் வேகம் வேற.

ரெக்கார்டிங்ல ஒரே ஒரு விஷயம். வாட்ஸாப் மைக்கை அழுத்திப் பிடிச்சு பேசினா அது குரலை நல்லா சுருக்கிதான் அனுப்பும், போன்ல கேக்க ஓகே, மியூசிக் பக்கத்துல வச்சா மந்தமா தெரியும். போன்ல இருக்கற ரெக்கார்டர் ஆப்ல பேசி ஃபைலை டாக்குமெண்ட்டா அனுப்ப சொல்லுங்க. அம்மா மாதிரி அது முடியாதவங்க வாய்ஸ் நோட்டே அனுப்பட்டும், அந்த `.opus` ஃபைல் ஆடாசிட்டிங்கற ஆடியோ எடிட்டிங் சாஃப்ட்வேரோட சில வெர்ஷன்ல திறக்காது, கூட `FFmpeg`ங்கற துணை சாஃப்ட்வேரை போட்டா திறக்கும். ஃபேனை ஆஃப் பண்ணிட்டு, பேசறதுக்கு முன்னாடி அஞ்சு செகண்ட் சும்மா இருக்க சொல்லுங்க. அந்த அஞ்சு செகண்ட்ல அந்த ரூமோட சத்தம் மட்டும் இருக்கும், ஆடாசிட்டில இரைச்சலை குறைக்கற `Noise Reduction`-க்கும் அதுதான் வேணும், ரெண்டு வாக்கியத்துக்கு நடுவுல இடைவெளி விட்டு ஒட்டறதுக்கும் அதுதான் வேணும். வெறும் காலி இடமா விட்டா லைன் கட்டான மாதிரி இருக்கும். ஃப்யூஸ் போற இடத்துல மட்டும் காலியா விடுங்க, அங்க அந்த உணர்வுதான் வேணும்.

சத்தம் விஷயத்துல பண்ற தப்பு, எல்லா குரலையும் காதாலயே மேல கீழ இழுக்கறது. சீனியர் அக்கா மைக்கை வாய்க்குள்ள வச்சு பேசி இருப்பாங்க, அம்மா ஒரு கை தூரத்துல. ஆடாசிட்டில ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனியா `Loudness Normalization` போட்டு எல்லாத்துக்கும் ஒரே நம்பர் குடுங்க, LUFSங்கறது காதுக்கு கேக்கற சத்தத்தோட அளவு, -18 LUFS வச்சா போதும். அப்புறம் மியூசிக்கை செலக்ட் பண்ணி `Auto Duck` போட்டா பேச்சு வர்றப்ப தானா தணியும், ஆனா பேச்சு ட்ராக் மியூசிக் ட்ராக்குக்கு நேர் கீழ இருக்கணும், இல்லனா வேலை செய்யாது. அதுல வழக்கமா இருக்கற -12 dB பல பாட்டுக்கு பத்தாது, பாட்டு இன்னும் கொஞ்சம் தணியற மாதிரி மாத்தி பாருங்க. முடிச்சப்புறம் ஹெட்ஃபோன்ல கேட்டு சந்தோஷப்படாம போன் ஸ்பீக்கர்ல கேளுங்க, அவ அங்கதான் முதல்ல கேக்கப்போறா, அங்க பேஸ் எல்லாம் காணாம போய் பேச்சும் புல்லாங்குழலும்தான் மிஞ்சும்.

கடைசியா ஒன்னு, "முப்பது செகண்டுக்கு கீழனா காப்பிரைட் வராது"ன்னு ஒரு கதை ஊர் முழுக்க சுத்துது. அப்படி எந்த சட்டமும் இல்ல. அவளுக்கு மட்டும் தனியா அனுப்பறதுல யாரும் வந்து கேக்கப்போறதில்ல, ஆனா யூட்யூப்ல ஏத்தினா பாட்டை தானா கண்டுபிடிக்கற அவங்க `Content ID` சின்ன பிட்டைக்கூட பிடிச்சுடும், சில சமயம் பிளாக்கே ஆயிடும். அதனால குரல், மியூசிக் ரெண்டையும் கடைசி வரைக்கும் தனித்தனி ட்ராக்லயே வச்சு ப்ராஜெக்ட்டை சேவ் பண்ணிக்கோங்க, பொதுவுல போடணும்னா மியூசிக் ட்ராக்கை ம்யூட் பண்ணிட்டு இன்னொரு தடவை எக்ஸ்போர்ட் பண்ணா முடிஞ்சுது. அந்த வெர்ஷன்ல ஃப்யூஸ் போற இடத்துல மட்டும் ஒரு சுவிட்ச் தட்டற சத்தத்தை நீங்களே ரெக்கார்ட் பண்ணி போட்டுக்கோங்க.