500 யூனிட்டைத் தாண்டும் முன் மீட்டரைப் பாருங்கள்

தமிழ்நாட்டு வீடுகளில் ரீடிங் எடுக்கப் பத்து நாள் இருக்கும்போது மீட்டரில் kWh எண்ணைப் பார்த்து, அதிலிருந்து போன ரீடிங்கைக் கழித்துவிடுங்கள். மீதிப் பத்து நாளில் 500-ஐத் தாண்டும்போல் இருந்தால் ஏசி, கீசரை ரீடிங் முடியும்வரை கொஞ்சம் அடக்குங்கள்.

இரண்டு மாதத்தில் 500 தாண்டினால் 101-200 யூனிட்டுக்கான கூடுதல் மானியம் போய்விடும், முதல் 100 மட்டும்தான் இலவசம். 2022 மின்கட்டண ஆணையின் விலைப்படி 500 யூனிட்டுக்கு ரூ.1,725, 501-க்கு ரூ.1,958, அதாவது அந்த ஒரு யூனிட் 233 ரூபாய்! (அப்புறம் விலை மாறியது.) நிலைக்கட்டணம் அந்த ஆணையிலேயே வீடுகளுக்கு நீக்கப்பட்டது.

வழக்கமாக 700, 800 ஓடும் வீட்டுக்கு இது உதவாது. அடுத்த சுழற்சியும் 500-ஐ ஒட்டியே இருந்தால், தள்ளிப்போட்ட யூனிட் அங்கே போய் இடிக்கும்.