கூகுளில் என் பெயருக்கு நானே வரவில்லை

என் பெயரைத் தேடினால் முதலில் வந்தது, நான் எப்போதோ விட்டு வந்த கம்பெனியின் பழைய பக்கம். சொந்தத் தளம் இரண்டாம் பக்கத்தில், அதுவும் "Home" என்ற தலைப்போடு. என் பெயர் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும் பெயர் என்பதால் போட்டியும் அதிகம்.

முதலில் `site:` போட்டு என் டொமைனைத் தேடினேன், பக்கம் கூகுளின் பட்டியலான இண்டெக்ஸில் இருந்தது. அப்போ கோளாறு எழுத்தில்தான். பார்த்தால் பயோ முழுக்க "நான், நான்" என்றே எழுதியிருக்கிறேன், பெயர் இருந்ததோ பேனர் படத்துக்குள் மட்டும். தேடுபவர் தட்டும் சொல் பக்கத்தின் எழுத்தில் எங்குமே இல்லை!

தலைப்பை இப்படி மாற்றினேன்:

```html
<title>பெயர் – போட்டோகிராபர், மதுரை</title>
```

பெரிய தலைப்பிலும் பெயர், முதல் வரி "இன்னார் மதுரையில் கல்யாணப் படம் எடுப்பவர்" என்று படர்க்கையில். தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடுவார்கள் என்பதால் இரண்டு எழுத்திலும் பெயரைப் போட்டேன். இனிஷியல்தான் பெரிய தலைவலி, ஓரிடத்தில் முன்னால், இன்னொன்றில் பின்னால், லிங்க்ட்இனில் அதுவும் இல்லை. எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கி, அங்கிருந்தெல்லாம் பயோ பக்கத்துக்கு லிங்க் கொடுத்தேன். மெட்டா டிஸ்கிரிப்ஷனும் எழுதினேன், ஆனால் அது ரேங்கை உயர்த்தாது, தேடல் முடிவில் தலைப்புக்குக் கீழே வரும் இரண்டு வரிக்குத்தான்.

அப்புறம் தளம் வைத்திருப்பவர்களுக்கான கூகுளின் சர்ச் கன்சோலில் மறுபடி இண்டெக்ஸ் கேட்டேன். சில வாரத்தில் பெயரோடு ஊரையும் சேர்த்துத் தேடினால் முதலிடம். வெறும் பெயருக்கு இன்னும் மூன்றாவதுதான், மேலே ஒரு நடிகர் உட்கார்ந்திருக்கிறார்.